டெலிகிராமில் அழித்தால் எங்கே அழிகிறது? சீக்ரெட் சாட்டும் சாதாரண சாட்டும்

பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையோ வங்கி லாக்கர் விவரத்தையோ ஒருவருக்கு டெலிகிராமில் அனுப்ப வேண்டியிருக்கிறது. வேலை முடிந்ததும் அது இரண்டு பக்கத்திலும் இருக்கக் கூடாது. இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. எப்போதும் பேசும் சாதாரண சாட்டிலேயே அனுப்பிவிட்டுப் பிறகு கையால் அழிக்கலாம், அல்லது தானாக அழியும்படி டைமர் போடலாம். இல்லாவிட்டால் தனியாக ஒரு சீக்ரெட் சாட் திறந்து அதில் அனுப்பலாம். பெயரிலேயே ரகசியம் இருப்பதால் இரண்டாவதுதான் எதற்கும் நல்லது என்று பலரும் கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்துவிடுகிறார்கள். அழிக்கும் விஷயத்தில் அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. சாதாரண சாட் கைகொடுத்து, சீக்ரெட் சாட் காலை வாரிவிடும் நேரங்களும் உண்டு.

வேறுபாடு எல்லாமே செய்தி எங்கே கிடக்கிறது என்பதிலிருந்துதான் தொடங்குகிறது. சாதாரண சாட்டில் செய்தி டெலிகிராமின் சர்வரில் இருக்கிறது. வழியிலும் அங்கேயும் அது மறையாக்கம் செய்யப்பட்டே இருந்தாலும், திறக்கும் சாவி நிறுவனத்தின் கையில்தான். உங்கள் ஃபோன், மடிக்கணினி, வீட்டு டேப்லெட் எல்லாமே அந்த ஒரே சரக்கைத்தான் எடுத்துக் காட்டுகின்றன. 2013ஆம் ஆண்டு முதலே இருக்கும் சீக்ரெட் சாட்டில் சாவி இரண்டு சாதனங்களில் மட்டுமே உருவாகிறது. சர்வர் மூடிய உறையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் தபால்காரர் மட்டும்தான். செய்தியின் இரண்டு பிரதிகள் இரண்டு சாதனங்களில் இருக்கின்றன, மூன்றாவது இடம் இல்லை.

ஆகவே சாதாரண சாட்டில் அழிப்பது சர்வரின் வேலை. சீக்ரெட் சாட்டில் அழிப்பது, உங்கள் ஃபோன் எதிர்ப்பக்க ஃபோனுக்கு "இன்ன செய்தியை நீக்கு" என்று இன்னொரு மூடிய செய்தியை அனுப்பும் வேலை. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

முதலில் கையால் அழிப்பதைப் பார்ப்போம். சாதாரண சாட்டில் ஒரு செய்தியை அழுத்திப் பிடித்து அழிக்கப் போனால், "Also delete for" என்று தொடங்கி எதிராளியின் பெயரோடு ஒரு சிறு கட்டம் வரும். அதை டிக் செய்தால் இரண்டு பக்கத்திலும் போகும். செய்யாவிட்டால் உங்கள் கண்ணிலிருந்து மட்டும் மறையும், எதிராளியின் வரலாற்றில் அது சர்வரிலேயே பத்திரமாக இருக்கும். பழைய பதிப்புகளில் எதிராளியிடமிருந்து அழிக்கவே வழி இருக்கவில்லை. 2017இல் 48 மணி நேரக் கெடுவோடு அந்த வசதி வந்தது. 2019 மார்ச்சில் கெடுவும் போய்விட்டது. இன்று தனிநபர் சாட்டில் எந்தக் காலத்துச் செய்தியையும், அதுவும் நீங்கள் எழுதியதை மட்டுமல்லாமல் எதிராளி எழுதியதையும், இரு பக்கத்திலிருந்தும் நீக்கலாம். வாட்ஸ்அப்பில் வருவதுபோல் "செய்தி அழிக்கப்பட்டது" என்ற தடம்கூட விழாது.

அவசரத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்யாமல் விட்டுவிட்டால்தான் சிக்கல். செய்தி உங்கள் திரையில் இல்லை, எனவே அதைத் தொட்டுத் திரும்ப அழிக்க முடியாது. எதிராளியிடம் அது முழுசாக இருக்கிறது. அவரைக் கெஞ்சி அழிக்கச் சொல்லாமல் நீங்களே செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். முழு வரலாற்றையும் இரண்டு பக்கத்திலும் நீக்கும்படி அழிக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது, உங்கள் பக்கத்தில் ஏற்கெனவே இல்லாத செய்திகளும் சேர்ந்தே அவர் பக்கத்திலிருந்து போய்விடும். ஒரு படத்துக்காகப் பத்து வருடப் பேச்சைப் பலி கொடுக்க வேண்டும் என்பதுதான் அதற்கு விலை.

சீக்ரெட் சாட்டில் இந்தத் தவறுக்கே இடமில்லை. அங்கே அழித்தால் எதிர்ப்பக்கத்துக்கும் எப்போதும் கட்டளை போகும். 'எனக்கு மட்டும்' என்ற தேர்வு கிடையாது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இடம் போதவில்லை என்று உங்கள் ஃபோனில் சில பெரிய வீடியோக்களை அழித்தீர்களானால் அவை எதிராளியிடமிருந்தும் போய்விடும். அவர் அதைப் பத்திரமாக வைத்திருப்பார் என்று நம்பித்தான் நீங்கள் அழித்தீர்கள் என்பது அந்தக் கட்டளைக்குத் தெரியாது. சர்வரிலும் இல்லாததால் மீட்கவும் முடியாது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு. டெலிகிராம் சாட்டைச் சாட்சியாக வைத்துப் பணம் கொடுத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். "எல்லாம் சாட்டில் இருக்கிறதே" என்பார்கள். எதிராளி நினைத்தால், அவர் எழுதிய ஒப்புதலையும் நீங்கள் எழுதிய கேள்வியையும் சேர்த்து இரண்டு வகைச் சாட்டிலுமே தடமின்றி அழித்துவிடலாம். அழிக்கும் உரிமை இருவருக்கும் சமம். அது வேண்டிய பதிவென்றால் அன்றைக்கே வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

இனி டைமர். பெயர் ஒன்றாக இருந்தாலும் இவை இரண்டும் வேறு வேறு கடிகாரங்கள். சாதாரண சாட்டில் தானாக அழியும் வசதி 2021 பிப்ரவரியில் வந்தது. அதன் கடிகாரம் செய்தி அனுப்பிய நொடியில் ஓடத் தொடங்குகிறது. எதிராளி படித்தாரா, ஃபோன் அணைந்து கிடக்கிறதா என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. குறைந்தபட்சக் கெடு 1 நாள். அதற்குமேல் முழு நாள் கணக்கில் 1 வருடம் வரை போகலாம். அரை நாள், ஆறு மணி நேரம் என்றெல்லாம் வைக்க முடியாது.

சீக்ரெட் சாட்டின் கடிகாரம் படிக்கும்போதுதான் தொடங்குகிறது. செய்தி எதிராளியின் திரையில் தெரிந்து, உங்கள் பக்கத்தில் இரண்டு டிக் விழும் கணம்தான் அதன் சுழியம். தேர்வுகள் 1 நொடியில் தொடங்கி ஒவ்வொன்றாக 15 நொடிவரை போகும். அதன்பின் 30 நொடி, 1 நிமிடம், 1 மணி, 1 நாள், 1 வாரம் என்று தாவும். 1 மணிக்கும் 1 நாளுக்கும் நடுவே எதுவும் இல்லை. இந்த இடைவெளி சின்ன விஷயமாகத் தெரியலாம். அது எப்படி இடிக்கும் என்பதை ஒரு நிகழ்வை வைத்துப் பார்த்தால் புரியும்.

சிங்கப்பூரில் இருக்கும் அக்கா, மதுரையில் இருக்கும் தம்பிக்குப் பாஸ்போர்ட் பக்கத்தின் படத்தையும் லாக்கர் எண்ணையும் அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை காலை 10.30க்கு அவன் வங்கியில் இருக்க வேண்டும். சனிக்கிழமை இரவு இந்திய நேரம் 9 மணிக்கு அக்காவுக்கு நேரம் கிடைக்கிறது. தம்பி ஊரில் இல்லை, கிராமத்தில் ஒரு விசேஷத்துக்குப் போயிருக்கிறான், ஃபோனில் நெட் இல்லை.

அக்கா சாதாரண சாட்டில் 1 நாள் டைமர் வைத்து அனுப்புகிறாள். ஞாயிறு இரவு 9 மணிக்குச் செய்தி சர்வரிலிருந்து போய்விடுகிறது. தம்பி பத்து மணிக்கு வீடு திரும்பி நெட்டைப் போடுகிறான். "அக்கா, நீ அனுப்பியதாகச் சொன்ன படம் ஒன்றையும் காணோமே" என்று கேட்கிறான். வந்து போனதற்கு அடையாளமே இல்லாததால், அக்கா அனுப்பவே மறந்துவிட்டாள் என்றுகூட அவன் நினைக்கலாம். 1 வாரம் என்று வைத்திருந்தால் இந்த வம்பு இல்லை. ஆனால் வேலை திங்கள் காலையே முடிந்துவிட, பாஸ்போர்ட் பக்கம் அடுத்த சனி இரவுவரை சர்வரிலும் இருவரின் எல்லாச் சாதனங்களிலும் கிடக்கும்.

சரி, சீக்ரெட் சாட்டில் பார்ப்போம். தம்பியின் பக்கத்தைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் "Start Secret Chat" என்பதைத் தொடுகிறாள். தம்பியின் சாதனம் ஆன்லைனில் வரும்வரை காத்திருக்கச் சொல்கிறது, எதையும் அனுப்ப விடவில்லை. சாவியை உருவாக்க இரண்டு சாதனங்களும் ஒரு முறையாவது கைகோர்க்க வேண்டும். ஆகவே சனி இரவு அக்காவுக்குக் கிடைத்த நேரம் வீண். ஞாயிறு இரவு தம்பியின் ஃபோன் நெட்டில் வந்ததும் சாட் தயாராகிறது. 1 மணி டைமர் வைத்து அனுப்பிவிட்டுப் படுக்கிறாள். தம்பி அதற்குள் தூங்கிவிட்டான், ஆனால் செய்தி அவன் எழுவதற்காகக் காத்திருக்கும். அவன் ஒரு மாதம் திறக்காவிட்டால் ஒரு மாதமும் அப்படியே இருக்கும். கவனிக்க வேண்டிய பலவீனம் இது. படிக்கப்படாத ரகசியச் செய்திக்கு வயதாவதில்லை.

திங்கள் காலை 7.30க்குத் தம்பி பல் துலக்கிக்கொண்டே சாட்டைத் திறக்கிறான். படமும் எண்ணும் திரையில் தெரிகின்றன, கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. 8.30க்கு எல்லாம் போய்விட்டது. 10.30க்கு வங்கிக் கவுன்டரில் நிற்கும்போது கையில் ஒன்றும் இல்லை. இங்கே 1 நாள் வைத்திருக்க வேண்டும். அதே 1 நாள் சாதாரண சாட்டில் செய்தியைப் படிக்கும் முன்பே கொன்றது, சீக்ரெட் சாட்டில் செவ்வாய் காலை 7.30வரை காப்பாற்றியிருக்கும்.

டைமரை நடுவில் மாற்றலாமே என்று தோன்றும். பயனில்லை. இரண்டு வகைச் சாட்டிலும் டைமர், அதை வைத்த பிறகு அனுப்பும் செய்திகளுக்கு மட்டும்தான். சீக்ரெட் சாட்டில் ஒவ்வொரு செய்தியும் தன் கெடுவைத் தன்னோடு எடுத்துக்கொண்டே புறப்படுகிறது. போனதை மாற்ற முடியாது. 1 வாரம் என்று தவறாக அனுப்பியிருந்தால் கையால்தான் அழிக்க வேண்டும். அதேபோல், நான்கு செய்திகள் சேர்ந்து காத்திருந்து எதிராளி சாட்டைத் திறந்தால், திரையில் தெரியும் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் கடிகாரம் ஓடும். 10 நொடி வைத்து அரைப் பக்கம் எழுதுபவர்கள் இதை யோசிப்பதில்லை. படங்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. 1 நிமிடத்துக்குக் குறைந்த டைமர் என்றால் படம் மங்கலாகவே வரும், திறந்து பார்க்கும்போதுதான் எண்ணத் தொடங்கும்.

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. சாதாரண சாட்டிலேயே, சாட் முழுமைக்கும் டைமர் போடாமல், அனுப்பும் ஒரே ஒரு படத்துக்கு மட்டும் நொடிக்கணக்கில் டைமர் வைக்கலாம். 2017 முதல் இருக்கும் வசதி இது. ஒரு முறை பார்த்ததும் போய்விடும்படி வைக்கும் வசதி பின்னர் சேர்ந்தது. இதன் கடிகாரமும் பார்க்கும்போதுதான் தொடங்கும், காத்திருந்து சாவி உருவாக்க வேண்டியதில்லை. ஆனால் படம் போவது சர்வர் வழியாக, சாவி நிறுவனத்திடம்தான். எழுத்துச் செய்திக்கும் இது உதவாது.

அழித்த பிறகும் எஞ்சுவது எது என்று கேட்டால், இரண்டு வகையும் தோற்கும் இடங்கள் உண்டு. அழிக்கும் கட்டளைக்குக் கீழ்ப்படிவது எதிராளியின் செயலி. டெலிகிராமின் செயலி நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதால், கட்டளையைக் காதில் போட்டுக்கொள்ளாதபடி யாரும் மாற்றிக்கொள்ளலாம். அதைவிடச் சுலபமாக, இன்னொரு ஃபோனால் திரையைப் படம் எடுக்கலாம். ஆண்ட்ராய்டில் சீக்ரெட் சாட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுக்க விடாது. ஐஃபோனில் எடுத்தால் சாட்டில் அறிவிப்பு வரும். அது தடுப்பு இல்லை, கோள் சொல்லுதல் மட்டும்தான்.

இதைத் தாண்டி சாதாரண சாட்டுக்கென்றே சில ஓட்டைகள் இருக்கின்றன. ஃபார்வர்டு செய்யப்பட்டது தனிச் செய்தி, மூலத்தை அழித்தாலும் அது அங்கேயே இருக்கும். சீக்ரெட் சாட்டில் ஃபார்வர்டு கிடையாது. மடிக்கணினியில் டெலிகிராம் டெஸ்க்டாப் வழியாக முழு வரலாற்றையும் ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ள முடியும். இறக்கிய கோப்பை எந்த டைமரும் தொடாது. விண்டோஸ் டெஸ்க்டாப்பில் சீக்ரெட் சாட்டே தெரியாது என்பதால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆண்ட்ராய்டு 11 முதல் அறிவிப்புகளின் வரலாற்றை 24 மணி நேரம் சேமிக்கும் வசதியும் உண்டு. அதை இயக்கி வைத்திருந்தால், நீங்கள் அழித்த சாதாரணச் செய்தியின் வரிகள் அங்கே கிடக்கும். சீக்ரெட் சாட் அறிவிப்பில் புதிய செய்தி வந்திருக்கிறது என்பது மட்டும்தான் இருக்கும்.

பெரிய குழுக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே சீக்ரெட் சாட் என்பதே இல்லை, அது இருவருக்கு மட்டும். சூப்பர்குழுவில் அழித்த செய்தி எல்லோர் கண்ணிலிருந்தும் மறைந்தாலும், நிர்வாகிகள் பார்க்கும் பதிவில் 48 மணி நேரம் இருக்கும் என்று டெலிகிராமின் தனியுரிமைக் கொள்கையே சொல்கிறது.

ஃபோன் தொலைந்தால் கதை தலைகீழாகிறது. சாதாரண சாட் என்றால் வேறொரு சாதனத்தில் உள்ளே போய், வேண்டாததை இரண்டு பக்கத்திலும் அழித்துவிட்டு, "Devices" பகுதியில் தொலைந்த ஃபோனின் இணைப்பைத் துண்டிக்கலாம். சர்வரில் இருப்பது இங்கே வரம். சீக்ரெட் சாட் அந்த ஒரு சாதனத்தோடு கட்டப்பட்டது. ஃபோன் போனால் அதற்குள் நுழைய வழி இல்லை. எதிராளியிடம் இருக்கும் பிரதியை நீங்கள் இனி அழிக்கவும் முடியாது, அவராக அழித்தால்தான் உண்டு. கணக்கிலிருந்து நீங்களே லாக் அவுட் செய்தாலும் இதே நிலைதான். உங்கள் பக்கம் காலியாகும், அவர் பக்கத்தில் சாட் முடிந்துபோனதாகக் காட்டும், பழைய செய்திகள் அங்கேயே இருக்கும். ஃபோன் மாற்றும் முன் சீக்ரெட் சாட்டுகளை முதலில் அழித்துவிட்டு லாக் அவுட் செய்வதுதான் சரியான வரிசை.

இதற்கு எதிரான ஆபத்து கணக்கு பறிபோவது. உங்களிடம் ஏமாற்றி லாகின் குறியீட்டை வாங்கிய ஒருவர், இரண்டாம் கடவுச்சொல் இல்லாவிட்டால், தன் ஃபோனில் உங்கள் கணக்கைத் திறந்து சாதாரண சாட் முழுவதையும் பார்த்துவிடுவார். அழிக்காமல் விட்டதெல்லாம் அவர் முன் விரியும். சீக்ரெட் சாட்டில் ஒரு எழுத்துகூட அவருக்குத் தெரியாது.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். அன்றாடப் பேச்சு பெருகிக் கிடக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் சாதாரண சாட்டில் 1 மாத டைமர் போதும். அதற்குக் குறைவாக வைத்தால் விசேஷ நாட்களில் செய்தி படிக்காமலே போகும். எதிராளி எப்போது பார்ப்பார் என்று தெரியாதபோது 1 நாள் டைமரைச் சாதாரண சாட்டில் வைக்கவே மாட்டேன். அடையாள ஆவணம், கடவுச்சொல் போன்றவற்றுக்குச் சீக்ரெட் சாட்தான். டைமர் 1 நாள், அதையும் ஒரு காப்பாகத்தான் வைப்பேன். தம்பி வங்கியிலிருந்து "முடிந்தது" என்று ஃபோன் செய்த கையோடு அக்கா தன் ஃபோனில் அந்தச் செய்திகளை அழித்துவிட்டால் அவனிடமிருந்தும் போய்விடும், டைமர் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அனுப்பும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். "சீக்ரெட் சாட் உன் எந்த ஃபோனில் திறந்தது?" தம்பிக்கு இரண்டு சாதனங்களில் கணக்கு இருந்தால், எது முதலில் ஏற்றுக்கொண்டதோ அதில்தான் சாட் இருக்கும். வீட்டில் குழந்தைகள் விளையாடும் டேப்லெட்டில் அது திறந்துவிட்டால், அவன் தன் ஃபோனில் தேடிக்கொண்டே இருப்பான், அக்காவுக்கோ இரண்டு டிக் எப்போதும் விழாது. நெட்டில் இருப்பவனிடம் நெடுநேரம் ஒற்றை டிக்கே நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அழித்துவிட்டு, அவன் கையில் இருக்கும் ஃபோனிலிருந்தே புதிய சீக்ரெட் சாட்டைத் தொடங்கச் சொல்வது எளிது.

கடைசியாக அக்காவின் ஃபோன் கேலரி. பாஸ்போர்ட்டைப் படம் பிடித்தது கேமரா செயலியில் என்றால், டெலிகிராமின் எந்தக் கடிகாரமும் அந்த மூலப்படத்தைத் தொடாது. கேலரியில் அழித்தாலும் ஐஃபோனின் "Recently Deleted" பகுதியில் 30 நாள்வரையும், கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆகியிருந்தால் அதன் குப்பைத்தொட்டியில் 60 நாளும் இருக்கும். அங்கேயும் போய் ஒரு முறை அழிக்க வேண்டும்.